ஏஐ எழுதிய ஓபி குறிப்பில் கையெழுத்துப் போடும் முன்: படிக்கும் முறை, நோயாளியிடம் சொல்லும் முறை

ஓபி மேசையில் ஒரு போனோ மைக்கோ இருக்கும். டாக்டரும் நோயாளியும் பேசுவதை அது கேட்டுக்கொண்டே இருக்கும். நோயாளி எழுந்து கதவை அடைவதற்குள் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேஸ் குறிப்பு வந்து நிற்கும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போகத் தமிழில் ஒரு கடிதமும் வரும். கீழே கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருக்கும்.

இந்தக் கட்டுரை அந்தக் காலி இடத்தைப் பற்றியது. கருவி எது, விலை என்ன என்பதற்குள் நான் போகவில்லை. டிராஃப்ட் வந்த பிறகு டாக்டர் என்ன செய்ய வேண்டும், மருத்துவமனை என்ன விதி எழுதி வைக்க வேண்டும், நோயாளியிடம் எதை எப்போது சொல்ல வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். விளக்குவதற்காக நானே அமைத்த ஒரு நோயாளியைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகிறேன்.

நோயாளி

62 வயது அம்மா. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 1000 மி.கி. 1-0-1, கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில் ஒன்று. கூட மகள் வந்திருக்கிறார். புது ரத்தப் பரிசோதனையில் இஜிஎஃப்ஆர் 38, அதாவது கிட்னியின் வேலை நன்றாகவே குறைந்திருக்கிறது.

அம்மா சொல்கிறார்: "காலையில சாப்பிட லேட்டானா மயக்கமா வருது டாக்டர், கை காலெல்லாம் நடுங்குது." பேச்சோடு பேச்சாக மகள் சொல்கிறார்: "மூட்டு வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கறாங்க."

டாக்டர் நான்கு முடிவு எடுக்கிறார். இஜிஎஃப்ஆர் 30-க்கும் 45-க்கும் இடையில் இருந்தால் மெட்ஃபார்மின் நாளைக்கு 1000 மி.கி.-க்கு மேல் போகக்கூடாது என்பதால் 500 மி.கி. 1-0-1 ஆகக் குறைக்கிறார். தாழ்சர்க்கரை என்று சந்தேகப்பட்டு கிளிமிபிரைடை 1 மி.கி. ஆக்குகிறார். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். இரண்டு வாரத்தில் கிரியாட்டினைன் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்.

டிராஃப்ட் அழகான ஆங்கிலத்தில் வருகிறது. அதில் இருப்பது இது: நோயாளிக்கு நினைவிழப்பு ஏற்பட்டது. மெட்ஃபார்மின் 1000 மி.கி. 1-0-1 தொடரவும். கிளிமிபிரைடு 1 மி.கி. மார்பு, இதயம் இயல்பு; பாதத்தில் புண் இல்லை, நாடித்துடிப்பு இயல்பு. இரண்டு வாரத்தில் கிரியாட்டினைன்.

நான்கு தவறுகள், நான்கும் நான்கு விதம். இவற்றின் வகை தெரிந்துவிட்டால் எங்கே கண்ணை வைப்பது என்பது தானாகவே தெரியும்.

முதலாவது, சொல் மாறிப்போனது. தமிழில் "மயக்கம்" என்ற ஒரே சொல்லுக்குள் கிறுகிறுப்பு, கண் இருட்டுவது, பசியில் சோர்ந்துபோவது, நினைவே தப்புவது எல்லாம் அடங்கும். அறுவை சிகிச்சைக்குக் கொடுப்பதும் மயக்க மருந்துதான். கருவி இதில் ஒன்றைப் பிடித்து ஆங்கிலத்தில் "நினைவிழப்பு" என்று எழுதிவிட்டது. அடுத்த முறை இந்தக் குறிப்பைப் படிக்கும் டாக்டர் இதயத்தையும் மூளையையும் சோதிக்கக் கிளம்புவார். "சாப்பிட லேட்டானா", "நடுங்குது" என்ற உண்மையான துப்பு அவர் கைக்குப் போகவே போகாது. "நெஞ்சு கரிக்குது", "வாயு பிடிச்சிருக்கு", "உடம்பு சூடு" எல்லாம் இதே ரகம். நம்ம ஊர் ஓபியில் இந்தக் கருவிகள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். இவற்றை மொழிபெயர்க்க விடாமல், நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுதி, டாக்டர் அதை என்னவாகப் புரிந்துகொண்டார் என்பதைப் பக்கத்தில் எழுதுவது நல்லது.

இரண்டாவது, பழையது புதியதை விழுங்கிவிட்டது. "ஆயிரம் வேண்டாம்மா, இனிமே ஐந்நூறு போதும்" என்று டாக்டர் சொன்னார். பழைய மருந்துச் சீட்டிலும் 1000 இருக்கிறது, பேச்சிலும் 1000 கேட்டது. "வேண்டாம்" என்ற சொல் நழுவிவிட்டது. மாற்றம், நிறுத்தம், மறுப்பு மூன்றும் இப்படித்தான் போகும்.

மூன்றாவது, நடக்காத பரிசோதனை. டாக்டர் அன்று பாதத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளியின் குறிப்பு என்றால் அங்கே பாதப் பரிசோதனை வருவது வழக்கம், கருவியும் வழக்கத்தை நிரப்பிவிட்டது. மூன்று மாதம் கழித்துக் காலில் புண்ணோடு வந்தால், "பாதம் இயல்பு" என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

நான்காவது, விடுபட்டது. டைக்ளோஃபெனாக் குறிப்பில் எங்குமே இல்லை. மகள் இடையில் சொன்ன ஒரு வரி என்பதால் முக்கியமில்லை என்று போய்விட்டது. கிட்னி குறைந்த நோயாளிக்கு அன்றைய சந்திப்பின் மிக முக்கியமான வரியே அதுவாக இருக்கலாம். பிடிக்கக் கடினமான தவறும் இதுதான். மற்ற மூன்றும் தாளில் இருப்பதால் கண்ணில் படும். இல்லாத ஒன்று எப்படிக் கண்ணில் படும்?

படி 1: டிராஃப்டைத் திறக்காதீர்கள்

நான்காவது தவறுக்கான மருந்து, டிராஃப்டைப் படிப்பதற்கு முன்னால் செய்யும் ஒரு வேலையில் இருக்கிறது. நோயாளி எழுந்ததும், திரையைப் பார்க்காமல், ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதுங்கள்: எதற்கு வந்தார், எதை மாற்றினேன், எதை எச்சரித்தேன், திரும்ப எப்போது. நம் நோயாளிக்கு இப்படி வரும்: "லேட்டா சாப்பிட்டா நடுக்கம், மயக்கம். மெட். 500, கிளிமி. 1. வலி மாத்திரை நிறுத்து. 2 வாரம் கிரியாட்." அரை நிமிடம் போதும்.

டிராஃப்டை முதலில் படித்துவிட்டால் அதுதான் நம் நினைவாகவும் ஆகிவிடும். வரிசையாக, இலக்கணப் பிழை இல்லாமல் எழுதியிருப்பதைப் படிக்கும்போது "ஆமாம், இப்படித்தான் பேசினோம்" என்று மனம் தலையாட்டிவிடும். நூறு பேர் காத்திருக்கும் ஓபியில் இது இன்னும் வேகமாக நடக்கும். தாளில் இருக்கும் நான்கு வரியில் ஒன்று டிராஃப்டில் இல்லையென்றால் உடனே தெரியும். நம் கதையில் வலி மாத்திரை அப்படித்தான் அகப்படும்.

படி 2: தலைகீழாகப் படியுங்கள்

மேலிருந்து படித்தால் வரலாறு, பரிசோதனை, மருந்து என்று போகும். மருந்துக்கு வந்து சேர்வதற்குள் கவனம் தேய்ந்திருக்கும். ஆகவே மருந்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் பெயர், அளவு, வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நான்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிபிசைடு மாதிரி ஒலியில் நெருங்கிய பெயர்களில் ஒரு நொடி நில்லுங்கள். புள்ளி உள்ள எண்களிலும் அப்படியே. ஒலிப்பதிவு இருக்கும் கருவி என்றால், அளவு மாறிய மருந்துக்கு மட்டும் அந்த இடத்தைத் திரும்பக் கேளுங்கள். முழுப் பதிவையும் கேட்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், விதி எழுதுபவர்கள் அதை மனதில் வைக்க வேண்டும்.

பிறகு பரிசோதனைப் பகுதி. இங்கே கேள்வி ஒன்றே ஒன்று: இதை நான் இன்று கையால் தொட்டுப் பார்த்தேனா? இல்லையென்றால் அந்த வரியை அழியுங்கள். "இயல்பு" என்று இருக்கும் வரிகளில்தான் அதிகச் சந்தேகம் தேவை. எல்லாம் சரி என்று சொல்லும் வரியைத் தாண்டிப்போவது எளிது.

கடைசியாக வரலாறு. நோயாளியின் சொல் டாக்டரின் சொல்லாக மாறிய இடங்களைப் பாருங்கள். இடது வலது, எத்தனை நாள், யாருக்கு என்ற மூன்றும் அடிக்கடி குழம்பும். மகள் தன்னுடைய தைராய்டைப் பற்றிச் சொன்னது அம்மாவின் வரலாற்றில் ஏறிவிடும்.

படி 3: கையெழுத்து யாருடையது

அறையில் இருந்தவர் மட்டுமே சரிபார்க்க முடியும். இதை விதியாகவே எழுத வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் மாலையில் ஒரே ஆளிடம் வந்து குவியும். வார்டு ரவுண்டுக்கே வராத இன்டர்ன் அது. அவர் ஸ்பெல்லிங் பார்த்தார், தேதி பார்த்தார். அதற்கு மேல் அவரால் எதைப் பார்க்க முடியும்? அப்போது ஏஐ கிடையாது, டெம்ப்ளேட் மட்டும்தான். பக்கத்துப் படுக்கைக்காரரின் ஆன்டிபயாடிக் இன்னொருவரின் சம்மரியில் போனது. டிராஃப்ட் சரளமாக வரத் தொடங்கினால் இந்த ஏற்பாடு இன்னும் மோசமாகும்.

அன்றைக்கே, முடிந்தால் நோயாளி மருந்துக் கவுன்டரைத் தாண்டுவதற்குள், கையெழுத்து ஆக வேண்டும். மறுநாள் போடும் கையெழுத்துக்கு டிராஃப்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது. கையெழுத்துக்குப் பிறகு தவறு தெரிந்தால் பழையதை அழிக்காமல் தேதி, நேரத்தோடு திருத்தக் குறிப்பு சேர்க்க வேண்டும். மருந்து சம்பந்தப்பட்டது என்றால் நோயாளிக்குப் போன் போட வேண்டும். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். அப்படிக் கேட்டு வாங்குபவர் கையில் போவது கருவியின் டிராஃப்ட் அல்ல, உங்கள் குறிப்பு.

படி 4: கடிதம்

கடிதத்தை ஒலிப்பதிவிலிருந்து நேரடியாக உருவாக்க விடாதீர்கள். கையெழுத்தான குறிப்பிலிருந்துதான் கடிதம் வர வேண்டும். இல்லாவிட்டால் குறிப்பில் திருத்திய 1000, கடிதத்தில் திருத்தாமல் வீட்டுக்குப் போய்விடும். வீட்டில் மாத்திரையைப் பிரித்துப் போடும் மகள் படிப்பது கடிதத்தைத்தான்.

கடிதங்களின் ஆபத்து குறித்து அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2024இல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் வந்தது. புற்றுநோயாளிகள் கேட்பதுபோல் அமைத்த கேள்விகளுக்கு ஏஐ எழுதிய பதில்களைக் கதிரியக்கச் சிகிச்சை மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். 156 மதிப்பீடுகளில் 11இல், அந்தப் பதிலைத் திருத்தாமல் அனுப்பியிருந்தால் கடுமையான பாதிப்பு வரக்கூடும் என்றார்கள். ஒன்றில் உயிருக்கே ஆபத்து என்றார்கள். அவசரமாக வரச் சொல்ல வேண்டிய இடத்தில் அவசரம் புரியாததுதான் முக்கியமான குறையாக இருந்தது.

நம் அம்மாவுக்குக் கருவி எழுதிய தமிழ்க் கடிதம் இப்படித் தொடங்கியது: "தங்களின் குளோமெருலார் வடிகட்டுதல் விகிதம் குறைந்துள்ளதால் மருந்தளவு மாற்றியமைக்கப்பட்டுள்ளது." பிழை இல்லை, ஆனால் யாருக்குப் புரியும்? எந்த மருந்து, எவ்வளவு என்பதும் இல்லை. டாக்டர் திருத்தியது இப்படி:

"அம்மா, உங்கள் கிட்னி வேலை செய்வது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதனால் மெட்ஃபார்மின் 1000 மாத்திரையை நிறுத்திவிட்டு, 500 மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு போடுங்கள். வீட்டில் மீதி இருக்கும் 1000 மாத்திரையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கிளிமிபிரைடு இனிமேல் 1 மி.கி., காலை டிபனோடு மட்டும். டிபன் சாப்பிடாத நாளில் அதைப் போடாதீர்கள். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை வேண்டாம், அது கிட்னியைக் கெடுக்கும். கை நடுங்கினால், வியர்த்தால், மயக்கமாக வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் திரும்பவும் குடித்துவிட்டுக் கிளம்பி வாருங்கள். இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை."

மீதி மாத்திரையைப் பற்றிய வரியைக் கருவி எழுதவில்லை. அந்த வீட்டில் இன்னும் ஒரு அட்டை 1000 மாத்திரை இருக்கும் என்பது டாக்டருக்குத்தான் தெரியும். கடிதத்தைக் கொடுக்கும் நர்ஸ் மகளிடம், "நாளைக்குக் காலையில எந்தெந்த மாத்திரை போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டால் படி 4 முடிந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதென்றால் இந்தக் கேள்விதான் கடிதம்.

படி 5: நோயாளியிடம் எதைச் சொல்வது

இதற்குத் தெளிவாக எழுதப்பட்ட சட்டம் என்று எடுத்துக்கொண்டால் கலிபோர்னியாவின் ஏபி 3030 பார்க்கத்தக்கது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. நோயாளியின் உடல்நிலை பற்றிய செய்தியை ஏஐ உருவாக்கினால், அது ஏஐ உருவாக்கியது என்ற அறிவிப்பும், மனிதர் ஒருவரைத் தொடர்புகொள்வது எப்படி என்ற விவரமும் இருக்க வேண்டும். கடிதம் என்றால் அறிவிப்பு தொடக்கத்திலேயே வர வேண்டும், சாட் என்றால் முழு நேரமும் தெரிய வேண்டும், குரல் அழைப்பு என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்ல வேண்டும். அப்பாயின்ட்மென்ட், பில் மாதிரியானவை இதில் வராது.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் ஒருவர் படித்துச் சரிபார்த்திருந்தால் அறிவிப்பே தேவையில்லை. அதாவது "படித்தேன்" என்ற ஒரு சொல்லை நம்பி மொத்த ஏற்பாடும் நிற்கிறது. மேலே படிக்கும் முறைக்கு நான் இவ்வளவு இடம் கொடுத்தது அதனால்தான். ஒரு பொத்தானை அழுத்துவது படித்ததாகக் கணக்கில் சேர்ந்தால், அறிவிப்பும் போய்விடும், சரிபார்ப்பும் போய்விடும்.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் ஒரு கோடு போட்டிருக்கின்றன. ஏஐ தளங்கள் தாமாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவுபெற்ற மருத்துவருக்கு உதவலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்குச் சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழும் அதில் உண்டு. ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்த சம்மதப் படிவத்தை நீட்டுவது போதாது.

மருத்துவமனை விதியில் மூன்று தருணங்களை எழுதச் சொல்வேன்.

மைக்கைப் போடுவதற்கு முன்: "நாம பேசறதக் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் குறிப்பு எழுதும்மா, நான் படிச்சுத் திருத்துவேன். வேண்டாம்னா சொல்லுங்க, நானே எழுதிக்கறேன்." வேண்டாம் என்றால் வைத்தியத்தில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது. கூட வந்தவர்களின் குரலும் பதிவாகும் என்பதால் அவர்களுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். குடும்பத்துக்குத் தெரியக்கூடாதது, வீட்டில் அடி வாங்குவது, கருக்கலைப்பு என்று பேச்சு திரும்பினால் டாக்டரே மைக்கை நிறுத்த வேண்டும்.

கடிதத்தில், மேலேயே: "இந்தக் கடிதத்தை எழுதக் கம்ப்யூட்டர் உதவி பெறப்பட்டது. உங்களைப் பார்த்த டாக்டர் படித்துத் திருத்திக் கையெழுத்திட்டிருக்கிறார். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் நர்ஸிடம் பேசலாம்." கீழே எண். அந்த எண்ணை எடுக்க ஆள் இருக்க வேண்டும். சரிபார்த்த கடிதத்துக்கு இந்த வரி கலிபோர்னியாவில்கூடக் கட்டாயமில்லை, ஆனாலும் போடலாம் என்பேன். பயந்துவிடுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2025இல் வெளியான ஓர் ஆய்வில், ஏஐ எழுதியது என்று தெரிந்ததும் திருப்தி கொஞ்சம் குறைந்தது உண்மைதான், ஆனால் பெரும்பாலோர் திருப்தியாகவே இருந்தார்கள். பின்னால் வேறு வழியில் தெரியவந்தால் வரும் கோபம் அதைவிடப் பெரியது.

மூன்றாவது, கேஸ் ஷீட்டில்: எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, நோயாளி சம்மதித்தாரா, சரிபார்த்தவர் யார், எத்தனை மணிக்கு. இது நோயாளிக்காக அல்ல, பிறகு தவறு நடந்தால் தேடுவதற்காக.

இதோடு விதியில் ஒரு தடையும் வேண்டும். மருத்துவமனை ஒப்பந்தம் போடாத செயலியில், சொந்தப் போனில், நோயாளியின் விவரத்தை ஒட்டி "இதை லெட்டரா எழுதிக் கொடு" என்று கேட்கக்கூடாது. இது எல்லா வார்டிலும் நடக்கிறது, பெரும்பாலும் இரவு டூட்டியில், பெரும்பாலும் நல்ல எண்ணத்தில். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். வயது, ஊர், அரிய நோய், அட்மிட் ஆன தேதி நான்கும் சேர்ந்தால் பெயர் தேவையே இல்லை. வெறுமனே தடை போட்டால் மறைவாகச் செய்வார்கள், ஒப்பந்தம் போட்ட கருவி ஒன்றை இரவு டூட்டிக்கும் கொடுத்துவிட்டுத் தடை போட வேண்டும்.

படி 6: விதி வேலை செய்கிறதா என்று பார்ப்பது

மாதம் ஒவ்வொரு டாக்டருக்கும் பத்துக் குறிப்புகளை எடுத்து, கருவியின் டிராஃப்டையும் கையெழுத்தானதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இதற்காகவே டிராஃப்டைக் குறைந்தது சில வாரங்கள் வைத்திருக்க ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டும். சில கருவிகள் கையெழுத்தானதும் அழித்துவிடும்.

பத்திலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்றால் கருவி பிரமாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் படிக்கவில்லை என்பதற்கான முதல் அடையாளம் அது. திறந்ததற்கும் கையெழுத்துக்கும் இடையில் எத்தனை நொடி என்பதையும் பாருங்கள், பெரும்பாலான மென்பொருளில் அந்தப் பதிவு இருக்கும். இரண்டு பக்கக் குறிப்புக்கு எட்டு நொடி என்றால் டாக்டரைத் திட்டுவதற்கு முன் அவர் அன்று எத்தனை பேரைப் பார்த்தார் என்று கேளுங்கள். கருவி வந்ததும் ஓபி டோக்கனைக் கூட்டிவிட்ட மருத்துவமனைகளில் பதில் அங்கேதான் இருக்கும்.

கிடைக்கும் தவறுகளைச் சொல்வாரியாக எழுதி வையுங்கள். "மயக்கம்" எத்தனை முறை நினைவிழப்பாக மாறியது, எந்த மருந்து எந்த மருந்தாகக் கேட்டது. இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் ஊர்ப் பேச்சுக்கான ஒரு பக்கப் பட்டியல் தயாராகிவிடும். அதை ஓபி மேசையில் ஒட்டி வைக்கலாம், கருவி விற்றவருக்கும் அனுப்பலாம். அவர் புதுப் பதிப்பு போட்டதும் பழைய பட்டியலை நம்பாதீர்கள். பழைய தவறு போயிருக்கும், புதிது வந்திருக்கும். அந்த வாரம் பத்துக்குப் பதில் இருபது குறிப்புகளை எடுங்கள்.